உஷார்! மூக்கு ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

பிள்ளை மூக்கு ஆபரேஷன் கேட்கிறதா? முகத்துக்கு லேசர் வேண்டும், தாடைக்கு ஊசி வேண்டும் என்று மாதக்கணக்கில் நச்சரிக்கிறதா? "போய்த் தொலையட்டும், ஒரு தடவை செய்து கொடுத்துவிட்டால் நிம்மதியாகப் படிக்கும்" என்று நினைத்து அப்பா பி.எஃப். பணத்தில் கை வைக்கப் போகிறாரா? அந்தக் கையை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். ஆசைக்குச் செலவு செய்வது வேறு. நோய்க்குத் தவறான இடத்தில் செலவு செய்வது வேறு. இரண்டாவதில் பணமும் போகும், நோயும் முற்றும்.

அந்த நோய்க்கு பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று பெயர். சுருக்கமாக பி.டி.டி. இன்ஸ்டாகிராம் வந்த பிறகு முளைத்த புது வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். 1891லேயே என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் இதை விவரித்து எழுதிவிட்டார். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இது இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தோல் மருத்துவர்களின் வரவேற்பறையில் இந்த விகிதம் பல மடங்கு கூடுகிறது. மூக்கைத் திருத்திக்கொள்ள வருகிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்தில் ஒருவர் வரை இந்த நோயோடு வருகிறார் என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. பெரும்பாலானோருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஆரம்பிப்பதும் சகஜம். "வயசுக் கோளாறு, தானா சரியாகும்" என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வயது.

எதை விட்டுவிடலாம், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்? ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளில் நடப்பதை ஒன்றாகக் கோர்த்தது.

மதுரைப் பக்கம். அக்காவுக்கு இருபத்து நாலு, வங்கியில் வேலை. கறுத்த நிறம். கன்னத்தில் பரு வந்து போன குழிகள் நன்றாகவே தெரியும். வரன் பார்க்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் அத்தை பந்தியிலேயே, "இவளுக்கு ஏதாவது பேஷியல் கீஷியல் பண்ணிவிடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். அன்று இரவு அக்கா தலையணையில் முகம் புதைத்து அழுதாள். மறுநாள் ஆன்லைனில் எதையோ ஆர்டர் செய்தாள். கண்ணாடி முன்னால் நின்று, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டாள். அடுத்த நாள் காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கவுன்டரில் உட்கார்ந்தால் குழி ஞாபகம் வருவதில்லை. தோழிகளோடு செல்ஃபி எடுக்கிறாள், அதில் தன் முகத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறாள், ஆனாலும் ஸ்டேட்டஸில் போடுகிறாள்.

தம்பிக்குப் பதினெட்டு. இன்ஜினீயரிங் முதல் வருஷம். மூக்கு வலது பக்கம் வளைந்திருக்கிறது என்கிறான். வீட்டில் யார் கண்ணுக்கும் வளைவு தெரியவில்லை. சுட்டிக் காட்டினால், "ஏதோ மயிரிழை அளவு இருக்கும் போல" என்று சொல்லத் தோன்றும், அவ்வளவுதான். பிளஸ் ஒன்னில் ஆரம்பித்தது. முதலில் குளியலறைக் கண்ணாடி முன் ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றான். இப்போது கதவைத் தட்டித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. போன் கேலரியில் ஒரே கோணத்தில் நூற்றுக்கணக்கான மூக்குப் படங்கள். ஒன்றையும் யாருக்கும் அனுப்பியதில்லை. கொரோனா போய் வருஷங்கள் ஆகியும் மாஸ்க் கழற்றுவதில்லை. பஸ்ஸில் எப்போதும் வலது ஓர ஜன்னல் சீட்டுதான், வலது கன்னம் ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். அந்த சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். அதனால் முதல் பீரியட் போகிறது. செமினார் எடுக்கச் சொன்ன நாளில் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். குடும்ப போட்டோவில் அவன் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவிடம் வருகிறான்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. இந்த லைட்ல பாரு. வளைஞ்சிருக்கா இல்லையா?"

"இல்லடா கண்ணு, ராஜா மாதிரி இருக்க."

"நீ அம்மா, அதான் அப்படிச் சொல்ற."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும் வருகிறான்.

இந்த வீட்டில் யாரைப் பற்றிப் பயப்பட வேண்டும்? ஊர் அக்காவைக் காட்டும், ஏனென்றால் "குறை" அவள் முகத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஊர் தவறான ஆளைக் காட்டுகிறது. அக்காவின் வருத்தத்துக்கு வெளியில் காரணம் இருக்கிறது, அளவும் இருக்கிறது. அத்தை பேசினால் ஏறும், வேலையில் இறங்கினால் இறங்கும். அவளுக்கு மனநல மருத்துவர் தேவையில்லை, அத்தையை அதட்ட வீட்டில் ஒரு ஆள்தான் தேவை. (அதோடு ஒரு எச்சரிக்கை: மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் "வெள்ளையாக்கும்" ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும், நிறுத்தினால் எரியும். அக்காவுக்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து அந்த ட்யூப்தான்.)

தம்பிதான் நோயாளி. மூக்கு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா என்பதை வைத்து இதைச் சொல்லவில்லை, அந்த மூக்கு அவனிடமிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டது என்பதை வைத்துச் சொல்கிறேன். மனநல மருத்துவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். ஒரு நாளில் இந்த நினைப்பு எத்தனை நேரம் ஓடுகிறது? கண்ணாடி, கேமரா, கூகுள், மற்றவர்களின் மூக்கோடு மனசுக்குள்ளேயே ஒப்பிடுவது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். இந்த நோயாளிகளில் பலருக்கு அது மூன்று மணி முதல் எட்டு மணி வரை ஓடுகிறது. அடுத்து, செய்யாமல் இருக்க முடியாத ஏதாவது சடங்கு இருக்கிறதா? பார்ப்பது, தடவுவது, பருவைக் கிள்ளுவது, மறைப்பது, "எப்படி இருக்கு?" என்று கேட்பது, எதுவாகவும் இருக்கலாம். கடைசிக் கேள்விதான் எடை கூடியது. இதனால் எங்கே போவது நின்றது? யாரைப் பார்ப்பது நின்றது? வகுப்பு, விருந்து, வேலைக்கான இன்டர்வியூ, வெயிலில் நடப்பது, இவற்றில் எது கை நழுவியது? மூன்றுக்கும் அக்காவிடம் "பெரிதாக ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும். தம்பி மூன்றிலும் மாட்டியிருக்கிறான்.

அந்தச் சடங்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மனநல மருத்துவம் இந்த நோயைத் தற்பெருமையோடு சேர்ப்பதில்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதை ஓ.சி.டி. வகையோடு சேர்த்து வைத்திருக்கிறது. பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்ததும் ஒரு நொடி நிம்மதி, அடுத்த நொடி சந்தேகம். தம்பி கண்ணாடியில் செய்வதும் அதுதான். "இந்தத் தடவை நேராகத் தெரிந்துவிடாதா" என்ற நப்பாசையோடு கிட்டே போகிறான். கிட்டே போகப் போக முகம் மறைந்து மூக்கு மட்டும் மிஞ்சுகிறது. முகத்தை முழுதாகப் பார்க்காமல் ஒரு நுணுக்கத்தில் போய் மாட்டிக்கொள்வது இந்த நோயாளிகளின் மூளை படங்களைக் கையாளும் விதத்திலேயே இருக்கிறது என்று ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிம்மதி தேடிப் போனவன் இன்னும் கலங்கித் திரும்புகிறான். கலக்கத்தைத் தணிக்க மறுபடியும் பார்க்கிறான். "ராஜா மாதிரி இருக்க" என்ற அம்மாவின் பதிலும் இந்தச் சக்கரத்தில் ஒரு பல்தான். கேட்டுப் பதில் வாங்குவதே சடங்காகிவிட்டதால், எத்தனை முறை சொன்னாலும் போதாது.

போன் கேமரா இதில் நேர்மையான சாட்சி இல்லை. ஒரு அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்து அடி தள்ளி எடுத்த படத்தை விட மூக்கின் அடிப்பகுதி ஏறக்குறைய முப்பது சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மூக்கு கேமராவுக்குக் கிட்டே இருக்கிறது, காது எட்டி இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஆரோக்கியமான மனசுக்கு இதைச் சொன்னால், "அட, அப்படியா!" என்று சிரித்துவிட்டுப் போகும். தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். "சரி, ஆனா வளைவு லென்ஸால வராதுல்ல?" என்பான். தகவலுக்கு அசைகிறதா, அசையவே மாட்டேன் என்கிறதா என்பதும் ஒரு அடையாளம்தான். சிலருக்கு "எனக்கே தெரியும், நான் மிகைப்படுத்துகிறேன்" என்ற தெளிவு கொஞ்சம் மிச்சமிருக்கும். சிலருக்குத் துளியும் இருக்காது, நூறு சதவீதம் நம்புவார்கள். தெளிவு இல்லாதவனிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

இனி ஆபரேஷன் விஷயம். இந்த நோய் உள்ளவர்கள் கத்திக்கும் லேசருக்கும் போனால் பெரும்பாலானோருக்கு நோய் குறைவதில்லை. சிலருக்கு அந்த இடத்தைப் பற்றிய கவலை கொஞ்ச நாள் தணிந்து, அங்கிருந்து கிளம்பி அடுத்த இடத்தில் உட்காரும். மூக்கு போய்த் தாடை வரும், தாடை போய் முடி வரும். இன்னும் சிலருக்கு, "முன்னாடி இருந்ததே தேவலை, என்னைக் கெடுத்துட்டாங்க" என்ற புதுக் கதவு திறக்கும். அப்போது பழி தன் மேலேயே விழும், ஏனென்றால் கேட்டு அழுதது அவன்தானே. பிரச்சினை மூக்கின் எலும்பில் இருந்தால் எலும்பைத் திருத்தினால் தீரும். பிரச்சினை பார்க்கும் விதத்தில் இருக்கும்போது, புது மூக்கையும் அதே கண்தான் பார்க்கப் போகிறது. பொறுப்பான பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதனால்தான் ஆபரேஷனுக்கு முன் நிறையக் கேள்வி கேட்பார்கள். "இதைச் செய்தால் வாழ்க்கையில் என்ன மாறும்?" என்பது அதில் ஒன்று. "காலேஜ் போவேன், நண்பர்கள் வருவார்கள், எல்லாமே சரியாகிடும்" என்று ஒரு மயிரிழை வளைவின் மேல் முழு வாழ்க்கையையும் ஏற்றி வைக்கும் பதில் வந்தால், முதலில் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். கேள்வியே கேட்காமல், முதல் நாளிலேயே இ.எம்.ஐ. அட்டவணையை நீட்டும் கிளினிக்கில் இருந்து வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், அது போனாலும் பரவாயில்லை.

தோற்றக் கவலை வேறு உருவங்களிலும் வரும். பெண் பிள்ளைக்கு எடை, தொடை, வயிறு பற்றி மட்டுமே பயம் இருந்து, சாப்பாடு குறைந்து, வாந்தி எடுப்பதும் சேர்ந்திருந்தால் அது உணவு சார்ந்த வேறு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு, அவசரமும் அதிகம். பையன் ஜிம்மே கதியாகக் கிடந்து, நன்றாகத் திரண்ட உடம்போடு "நான் நோஞ்சான்" என்று மூன்று சட்டை போட்டு மறைத்தால், அது இதே நோயின் தசை வடிவம். அங்கே ஸ்டீராய்டு ஊசி எங்கோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஆம்பளைப் பையனுக்கு அழகு பத்தி என்ன கவலை" என்று சிரிக்கும் வீடுகளில்தான் இந்த நோய் நீண்ட நாள் ஒளிந்திருக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வருகிறது.

பிள்ளையிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? "உனக்கு மனசுல பிரச்சினை, டாக்டரைப் பார்க்கலாம்" என்றால் அன்றோடு கதவு சாத்தப்படும். "மூக்குல ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்றாலும் அதே. மூக்கை விட்டுவிட்டு அவன் படும் பாட்டைப் பிடியுங்கள். "மூக்கைப் பத்தி நான் எதுவும் சொல்லலப்பா. ஆனா நீ தினமும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தவிக்கிற, காலேஜ் போக முடியல. அந்தத் தவிப்பைக் குறைக்க ஒருத்தர் இருக்காரு, நானும் கூட வர்றேன்." இதை அவனால் மறுக்க முடியாது, ஏனென்றால் தவிப்பு அவனுக்கும் தெரியும். ராத்திரி பதினொரு மணிக் கேள்விக்கு, "இதுக்கு நான் பதில் சொன்னா பத்து நிமிஷத்துல திரும்பவும் உனக்குக் கஷ்டமாகுது, அதனால சொல்லப் போறதில்ல. வா, பால் சூடு பண்ணித் தரேன், கொஞ்ச நேரம் கூட உட்காரு" என்று சொல்லலாம். முதல் சில நாள் கோபப்படுவான். முரட்டுத்தனமாக ஒரே நாளில் நிறுத்தாமல், டாக்டரோடு பேசி அவனுக்கும் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறைப்பது நல்லது.

டாக்டரிடம் போனதும் நீங்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகள் வெட்கத்தில் மூக்கைப் பற்றிச் சொல்லவே மாட்டார்கள். "தூக்கம் இல்ல, மனசு சரியில்ல" என்பார்கள். அதை மட்டும் கேட்டால் டாக்டர் மனச்சோர்வு என்று எழுதுவார், கண்ணாடி விஷயம் வெளியே வராது. எத்தனை நேரம், என்னென்ன சடங்கு, எங்கே போவது நின்றது என்று ஒரு வாரக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

சிகிச்சைக்கு இரண்டு கால்கள். ஒன்று சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை, அதிலும் இந்த நோய்க்கென்றே வகுத்தது. "உன் மூக்கு அழகு" என்று நம்ப வைக்கும் வேலை இதில் கிடையாது. தம்பிக்கு அது எப்படிப் போகும் என்றால், முதலில் பயத்தை ஏணிப்படியாக எழுதச் சொல்வார்கள். கீழ்ப்படியில், தெரு முனை டீக்கடையில் மாஸ்க் இல்லாமல் ஐந்து நிமிடம். அதற்கு மேல், பஸ்ஸில் இடது பக்க சீட்டு. உச்சியில், வகுப்பில் செமினார். டீக்கடைக்குப் போகும் முன் கேட்பார்கள்: "எத்தனை பேர் உன் மூக்கை உற்றுப் பார்ப்பாங்க?" "எல்லாரும்." போய் எண்ணிவிட்டு வரச் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லோரும் தங்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூடவே சடங்கைத் தள்ளிப்போடும் பயிற்சி: பார்க்கத் தோன்றியதும் பார்க்காமல் முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி. கண்ணாடியையும் ஒழித்துக்கட்டுவதில்லை. கை எட்டும் தூரத்தில் நின்று, நெற்றியிலிருந்து கால்வரை முழுதாகப் பார்த்து, "மாநிறம், அடர்ந்த புருவம், நீளமான மூக்கு" என்று திட்டாமல் விவரிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அவன் செய்யும் வேலையில் இதுதான் கடினமானது.

இன்னொரு கால் மாத்திரை. ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிடாலோப்ராம் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதை விட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். பலன் தெரியப் பன்னிரண்டு வாரம் கூட ஆகும். மூன்றாவது வாரம், "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும், கூடினால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். தானாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் புற நோயாளிச் சீட்டோடு போய்ப் பார்க்கலாம், சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு நடக்கிறது. பையன் வர மறுத்தால் முதல் முறை பெற்றோர் மட்டும் போய் டாக்டரிடம் பேசிவிட்டு வரலாம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒரு வாரம் கூடக் காத்திருக்கக் கூடாது. இந்த நோயில் தற்கொலை எண்ணம் மிக அதிகம், மற்ற பல மனநோய்களை விடவும் அதிகம். "இந்த மூஞ்சியோட எதுக்கு இருக்கணும்" என்பதைக் கோபத்தில் சொன்ன வார்த்தை என்று தள்ளாதீர்கள். தன் மூக்கைத் தானே திருத்த முயல்வது, தோலை ரத்தம் வரக் கிள்ளுவது, ஆபரேஷன் இல்லை என்று சொன்ன அன்று அறையைப் பூட்டிக்கொள்வது, எதைப் பார்த்தாலும் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எடுத்து வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். சென்னை சினேகா எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு தேசிய மனநல உதவி எண் 1926.